பொழிமுகத்தில் நிற்கிற மடி

என் கூடப்பிறக்காத தம்பி ஞானப்பிரகாசத்துக்கு,

நீ கல்லறைத் தோட்டத்தில் நிம்மதியாய்ப் படுத்திருக்கிறாய். எனக்குத்தான் இங்கே தூக்கமில்லை. கிறிஸ்துமஸ் கழிந்ததும் நெய்யூர் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கட்டிலோடு தூக்கி வந்தபோது நம் இரண்டு துறைகளும் சேர்ந்துதான் தோள் கொடுத்தன. இன்றைக்கு அதே ஆட்கள், இரண்டு துறைக்கும் நடுவில் ஓடை கடலில் சேருகிற பொழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடுப்பும் கல்லுமாய் நிற்கிறார்கள். இந்தக் கடிதத்தை நாளைக் காலையில் பொழிக்கரையில் நின்று உரக்கப் படிக்கச் சொல்லி உபதேசியாரிடம் கொடுக்கப் போகிறேன். யார் காதில் விழுந்தாலும் விழட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உன் கீழத்துறைக்காரர்கள் கரமடிக்காரர்கள். வள்ளத்தில் மடி என்கிற பெரிய வலையைக் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, கரையில் நின்று இரண்டு கயிற்றையும் இழுப்பார்கள். என் மேலத்துறைக்காரர்கள் கட்டுமரத்தில் போகிற தூண்டில்காரர்கள். இரண்டு பேருக்கும் மாதா ஒன்று, கடல் ஒன்று. பெண் கொடுப்பதும் எடுப்பதும் மட்டும் கிடையாது. பொழிமுகத்துக்கும் கடலில் நிற்கிற ஆனைப்பாறைக்கும் நடுவில் கிடக்கிற தண்ணீருக்காக என் அண்ணனும் உன் சித்தப்பனும் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் நீயும் நானும் உட்கார்ந்து பேசினோம்.

பேசி முடித்தது அத்தனையும் ஊருக்கு மனப்பாடம். பாறைக்கு உள்ளே கரைப்பக்கம் கரமடி, வெளியே ஆழத்தில் தூண்டில். கீழத்துறைக்கு ஐந்து மடிதான், ஆறாவது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சீட்டுப் போட்டு முறை எடுக்க வேண்டும், ஒரு தடவை இழுத்த மடி வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். சாளை மீன் கூட்டம் பாறைக்கு உள்ளே வரும் நாட்களில் மட்டும் எங்கள் கட்டுமரங்களும் உள்ளே வரலாம், அதுவும் இருபதுக்கு மேல் கூடாது. ஆனி ஆடியில் மழைத்தண்ணீர் பொழியை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும், குஞ்சுகள் அங்கேதான் மேயும். அதனால் ஆவணி பிறக்கும் சமயத்தில் வருகிற மாதா திருநாள் வரைக்கும் பொழிமுகத்தில் யாரும் மடி வளைக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. மடியின் பின்னால் மீன் போய்ச் சேருகிற பையின் கண்ணில் உன் இரண்டு விரல் சேர்ந்து நுழைய வேண்டும். நுழைந்தால் குஞ்சு தப்பித்துப் போகும். மீறினால் அந்தப் பாட்டில், அதாவது அந்த இழுப்பில், விழுந்த மீன் முழுவதும் எதிர்த்துறைக் கோயிலுக்கு. உன் சொந்த மச்சானின் மடியையே நீ செல்லாது என்று தள்ளிவிட்டாயே, அதனால்தான் என் ஆட்கள் உன் விரலை நம்பினார்கள்.

நீ போனதும் யார் விரல் என்று ஒரு பஞ்சாயத்து. என் விரலைக் கொடுத்தேன்.

"ஒமக்க விரலு தூண்டில் கயிறு அறுத்துத் தடிச்சுப் போச்சுவே. அது நுழையுத கண்ணுல சாளை என்ன, சுறாவே போவும்" என்றார்கள் உன் ஆட்கள். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரிப்பு இருந்தது. முடிவில் உன் பழைய மடியின் கண்ணுக்குச் சரியாக ஒரு பனங்கம்பு செதுக்கி வைத்துக்கொண்டோம்.

இந்த வருஷம் உன் மகன் அந்தோணி புது மடி கட்டினான். வீட்டில் முறுக்கிய சணல் இல்லை, மதுரையிலிருந்து வந்த மில் பஞ்சு நூல். மெலிசு, வழவழப்பு, கைக்குச் சுகம். சண்டை வரக்கூடாதே என்று கட்டி முடித்த அன்றைக்கே இரண்டு துறையும் கூடி அளந்தோம். கம்பு தாராளமாகப் போய் வந்தது. நானே என் கையால் நுழைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு புளியங்கொட்டைத் தோலை அவித்துச் சாயம் போட்டார்கள், காயவைத்தார்கள், கடலில் இறக்கினார்கள். பஞ்சு நூல் அந்த அளவுக்குச் சுருங்கும் என்று யார் கண்டது?

மாதா திருநாள் கழிந்த மறுநாள் அந்தோணியின் மடிக்கு முதல் பாடு. பை கரை ஏறியதும் என் துறைப் பையன்கள் கத்தினார்கள். உள்ளே விரல் நீளச் சாளைக் குஞ்சு, கும்பாரமாக. கம்பை எடுத்து வந்து வைத்தார்கள். கம்பு நுழையவே இல்லை.

"களவாணிப் பயலுவ, அளந்த பொறவு பைய மாத்திப் போட்டானுவ!"

"லே, ஒங்க கையாலதான அளந்திய? மாதா மேல ஆணையா இது அதே பைதாம்லே!"

இரண்டு பக்கமும் மனசறிந்து பொய் சொல்லவில்லை தம்பி. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பொய் சொல்கிறவனை மடக்கிவிடலாம். தான் சொல்வதுதான் உண்மை என்று நம்புகிற இரண்டு பேர் கல்லைத் தூக்கினால் யாரை மடக்குவது?

அந்த மீன் கோயிலுக்குப் போகவில்லை. தென்னைக்கு உரம் போடுகிறவர்கள் உள்நாட்டிலிருந்து வண்டி கட்டி வந்து குஞ்சை அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் என் ஆட்கள் இருபதை மறந்து, கிடைத்த மரத்தையெல்லாம் உள்ளே இறக்கினார்கள். அதற்கடுத்த நாள் யாரோ அந்தோணியின் மடிக்கயிற்றை அறுத்தார்கள். இப்போது கீழத்துறையில் ஆறாவது மடி கட்டுகிறார்கள். நாம் கட்டியதெல்லாம் இப்படி ஒவ்வொன்றாய்க் கழன்று போகிறது. குஞ்சு போனால் வருகிற வருஷம் எந்தச் சாளைக்குச் சண்டை போடுவார்கள் இவர்கள்?

நூல் சுருங்கிய விஷயத்தை எனக்குச் சொன்னது உன் பெண்சாதி மரியாள். "அண்ணே, அவரு எந்த மடியையும் சாயம் போட்டு, கடல்ல முக்கி எடுத்த பொறவுதான் அளப்பாரு. காஞ்ச கண்ணப் பாக்கவே மாட்டாரு" என்றாள். நான் இரண்டு துறைக்கும் ஓடினேன். என் பையன்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நீரு அந்தோணிக்கு ஞானத்தகப்பன். அவன் பக்கந்தான் பேசுவீரு." அந்தோணியிடம் போனேன். புதுப் பையைக் கழற்றிவிட்டு உன் பழைய மடியின் பையைச் சேர்த்துக் கட்டு, அதன் கண் சரியாக இருக்கிறது என்றேன்.

"அப்பாவுக்க மடிய அறுக்கச் சொல்லுதீரா பெரியப்பா? கயிற அறுத்தவன மொதல்ல கொண்டு வாரும்."

அவன் முகத்தைப் பார்த்தேன். ஞானஸ்நானத் தொட்டியில் என் கையில் கிடந்து வீறிட்ட அதே முகம், ஆனால் கண் மட்டும் செத்துப்போன உன் சித்தப்பனின் கண். அவனும் வெட்டுப்பட்டுக் கிடக்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்தது, போகமாட்டேன் என்கிறது.

மத்தியானம் மரியாள் பொழியைக் கடந்து என் வீட்டுக்கு வந்தாள். தலைச்சுமடாய் உன் பழைய மடியின் பை. அவளே அரிவாளால் அறுத்திருக்கிறாள். இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சீட்டில் நாளைக்கு முதல் முறை அந்தோணிக்கு விழுந்திருக்கிறது. கயிற்றை மறுபடி அறுக்கப் போவதாக என் துறையில் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். அறுக்க வருகிறவர்களில் என் மகனும் இருக்கிறான்.

நான் உனக்குத் தருகிற வாக்கு இதுதான். விடிந்ததும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு கீழத்துறைக்குப் போவேன். அந்தோணி வாங்கினால் நானே உட்கார்ந்து கட்டிக் கொடுப்பேன், நனைத்து அளப்பேன், இரண்டு துறையும் பார்க்கட்டும். வாங்காவிட்டால், அவன் ஆட்களோடு வரிசையில் நின்று நானும் கயிறு இழுப்பேன். கடலுக்குள் முதல் ஆளாக, இடுப்புத் தண்ணீரில். மேலத்துறைக்காரன் ஒருவன் கரமடிக் கயிற்றைப் பிடித்ததே கிடையாது. கயிற்றை அறுக்க வருகிறவன் என் கையைத் தாண்டித்தான் அறுக்க வேண்டும். என் மகனிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவன் வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தான்.

உன் மகனின் ஞானத்தகப்பன்,
உன் அண்ணன்,
மேலத்துறை மிக்கேல்