பதிமூணாயிரத்த மொய்யில எழுதிட்டியேடி

கந்தர்வக்கோட்டை
6.7.2025

அன்பு ஷர்லிக்கு,

நேத்து இன்ஸ்டாவுல போட்ட கபடி வீடியோ எடிட்டு நாலாயிரம் லைக்கு போயிருச்சுடி!! நம்ம பேஜுக்கு இதான் ரெக்கார்டு!

வாட்ஸ்அப்புனா ஒங்க அம்மா பாத்துருவாங்கன்னு மெயில்ல எழுதுறேன். பிப்ரவரியில ஒனக்குக் குடுத்த பதினெட்டாயிரம் என் காலேஜ் ஃபீஸு. ஆகஸ்ட் 11 கடைசி நாள். கட்டலேன்னா ஹால் டிக்கெட் கெடையாது. மொத்தமா முடியலேன்னா ரெண்டு தவணையாக் குடு, தேதி மட்டும் சொல்லு. எங்க வீட்ல சொல்லல. அப்பா அது என் பேங்க்லயே இருக்குன்னு நெனைச்சுக்கிட்டிருக்காரு.

இதக் கேக்குறேன்னு கோவிச்சுக்காத.

அன்புமொழி

கீரனூர்
8.7.2025

அன்பு,

ஒன் பேரு ஸ்க்ரீன்ல வந்தாலே ஃபோனக் கவுத்து வச்சுருவேன். வீட்லருந்தே வேலைன்னு ஒருத்தன் அந்தப் பதினெட்டாயிரத்த டெபாசிட்டா வாங்கி ஏமாத்துனானே, அத இன்னும் எங்க அப்பாகிட்ட சொல்லல. 15ஆம் தேதி அஞ்சாயிரம் ஜிபே பண்றேன். மிச்சம் ஆகஸ்ட் 5க்குள்ள. சத்தியமா.

ஷர்லி

கந்தர்வக்கோட்டை
16.7.2025

ஷர்லி செல்லம்,

அஞ்சாயிரம் வந்துருச்சு! இன்னும் பதிமூணு. போர்வெல் கடன அடைக்க அப்பா ஆகஸ்ட் 3 மொய் விருந்து வைக்கிறாரு. ஒங்க வீட்டுக்கும் பத்திரிகை வரும். கறிச்சோறு சாப்பிட வந்துருடி!

அன்புமொழி

கீரனூர்
3.8.2025

அன்பு,

முடிச்சுட்டேன்டி! கம்மல அடகு வச்சேன். "பணம் எங்கிட்டு கொண்டு போற?"ன்னு அம்மா கேட்டுச்சு, "மொய்க்கு"ன்னு சொல்லிட்டேன். அப்பறம் கூடவே வந்துச்சு, என்ன செய்ய? எங்க அப்பா அடைக்கலம் பேருல பதிமூணாயிரம் எழுதிட்டேன். நீ பந்தியில பரிமாறிக்கிட்டு இருந்த. கணக்குத் தீந்துச்சுல்ல?

ஷர்லி

கந்தர்வக்கோட்டை
4.8.2025

ஷர்லி,

ஐயோ, என்னடி பண்ணுன!!

மொய்யில எழுதுனா எப்படிடி தீரும்? மொய்னா திருப்பிச் செய்யணும்ல, எங்க அப்பா இப்ப ஒங்களுக்குக் கடன்காரரு! நோட்டப் பாத்து, "அடைக்கலத்துக்கு என்னா மனசு! அவுக வீட்டு விருந்துக்கு நாம கூடப் போட்டுத்தான் செய்யணும்"கிறாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. பணம் பீரோவுல இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்குப் போர்வெல்காரர் வந்து வாங்கிட்டுப் போயிருவாரு.

நான் சொன்னா ஒன் கதையும் வெளிய வரும். சொல்லலேன்னா என் ஒரு வருசம் போயிரும். ஒன்னக் கேக்காம வாயத் தொறக்க மாட்டேன். காலைக்குள்ள பதில் போடு, ப்ளீஸ்.

அன்புமொழி

கீரனூர்
5.8.2025, காலை 8.40

அன்பு,

அப்பாகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன். அடிக்கல. ஒங்க அப்பாவுக்கு நானே ஃபோன் பண்ணேன்.

"அங்கிள், அது மொய் இல்லங்க. அன்புகிட்ட நான் வாங்குன கடன்."

நான் சொன்னத முழுசாக் கேட்டுக்கிட்டாரு. அப்பறம், "நோட்டுல ஒங்க அப்பா பேர அடிச்சா நாலு பேரு என்ன கேப்பான்? எழுதுனது இருக்கட்டும். பணத்த இப்பவே அன்பு கையில குடுத்துடுறேன். நாளப்பின்ன ஒங்க வீட்டு விருந்துக்கு நான் வெறுங்கையோட வருவேன், கோவிச்சுக்கக் கூடாது ஆமா"ன்னாரு. போர்வெல்காரருக்குப் பதிமூணு கொறச்சலாத்தான் குடுப்பாராம். என்னால அவருக்கும் தலகுனிவு.

அப்பா ஃபோன வாங்கி வைக்கப் போறாரு. இனி பேஜ நீதான் பாத்துக்கணும். நீ கேட்டதுல எனக்குக் கோவமே இல்லடி. நீ கேக்காம இருந்த அந்த அஞ்சு மாசந்தான், ஒன் மூஞ்சியப் பாக்கப் பயந்து கந்தர்வக்கோட்டை பஸ்ஸுலயே ஏறாம இருந்தேன்.

ஃபீஸ் கட்டப் போறப்ப அம்மா ஃபோனுக்குச் சொல்லு. கூட வாரேன்.

ஷர்லி