எங்கே அனுப்பினாலும் போவேன்

ஒகயாமா,
பிப்ரவரி 21

அன்புள்ள ஷூஹெய்க்கு,

ஓரியே எழுதுகிறேன். உங்கள் சப்போரோவில் முழங்கால்வரை பனி என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். இங்கே பக்கத்து வீட்டுப் பிளம் மரம் பூத்துவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வாய்தான் இந்த மாதம் ஒரு வேலை பார்த்துவிட்டது. போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனி ஏப்ரலில் சப்போரோவில் ஒரு கிளை திறக்கிறது. எங்கள் பிரிவிலிருந்து ஒருவர் போக வேண்டும். அது காதில் விழுந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மூன்று வருஷமாக நீங்கள் அங்கே, நான் இங்கே. ஆனால் நானே கையைத் தூக்கி, நான் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? புருஷனோடு இருக்க ஆசைப்பட்டு, வேலையை மற்றவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போகிறாள் என்று ஆகிவிடாதா?

எங்கள் பிரிவுத் தலைவர் தொகுமாரு ஒவ்வொரு மேஜையாக வந்து தணிந்த குரலில் விசாரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, கம்பெனி எங்கே அனுப்பினாலும் போவேன் என்றேன். சத்தியமாகச் சொன்னேன். ஆனால் போக மனமில்லாதவர்கள் காலம்காலமாகச் சொல்கிற வாசகம் அது என்பது எனக்கு அந்த நேரம் உறைக்கவில்லை. வாயில் வருகிற ஒப்புக்கான பேச்சை, அந்தத் தத்தெமாயேயைக் கேட்டு, வயிற்றில் கிடக்கிற நிஜ எண்ணத்தை, அந்த ஹொன்னேயைக் கண்டுபிடிப்பதில் தொகுமாரு கெட்டிக்காரர். இவளுக்கு இஷ்டமில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். அடுத்த மேஜை ஹமனோவோ, அது எனக்குப் பெரிய கௌரவம் என்று கணீரென்று சொல்லியிருக்கிறார்.

நான்கு நாள் கழித்து மாடிப்படியில் என்னைப் பார்த்த தொகுமாரு, கவலைப்படாதே, உன்னைக் காப்பாற்றிவிட்டேன், ஹமனோ போகிறார் என்று ரகசியமாகச் சொன்னார். பணியாளர் பிரிவில் பேசி எல்லோரையும் தலையசைக்க வைத்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமைக் கூட்டம் வெறும் சடங்கு. நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து நன்றி சொன்னேன். அன்று முழுவதும் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் மறுத்துப் பேசினால் அவர் முகத்தில் கரி பூசியதாகிவிடும். மிச்சமிருந்தது ஒரே வழி, குடிக்கும்போது பேசியது மறுநாள் கணக்கில் வராது. புதன்கிழமை ஆறு மணிக்கு, ஸ்டேஷன் பக்கத்தில் குச்சியில் கோழி சுட்டுத் தருகிற கடையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். அவர் கிளாஸை நான் நிரப்பினேன், என்னுடையதை அவர் நிரப்பினார். மூன்றாவது பீருக்கு அவருடைய டை தளர்ந்தது. அப்போது சொல்லிவிட்டேன்.

"சார், எனக்கு சப்போரோ போகணும். ரொம்ப ஆசையா இருக்கு."

"ஏம்மா, இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே சார், எங்க அனுப்பினாலும் போறேன்னு."

"அப்படிச் சொன்னா போகமாட்டேன்னுதானே அர்த்தம்?"

கையிலிருந்த கோழிக் குச்சியைத் தட்டில் வைத்தார்.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன். உன்ன அனுப்ப எனக்குத்தான் மனசில்ல. நீ போயிட்டா, பெட்டி நசுங்கிப்போச்சுன்னு கத்துற வாடிக்கைக்காரங்கள யாரு சமாளிக்கிறது? அதான் நீ சொன்னத எனக்குத் தோதா எடுத்துக்கிட்டேன் போல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அன்றுதான்.

மறுநாள் காலை நேற்றைக்கு நன்றி என்றேன். அதிகமாகக் குடித்துவிட்டேன், ஒன்றுமே ஞாபகமில்லை என்றார். மத்தியானம் முழுக்கப் பணியாளர் பிரிவில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து ஹமனோவின் மேஜை அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், ஹமனோவின் மகனுக்கு அடுத்த வருஷம் நுழைவுத் தேர்வு, ஆகவே சங்கடமாக இருந்தாலும் நிட்டாவுக்குத்தான் சிரமம் தர வேண்டியிருக்கிறது என்று என்னைக் காட்டி வருத்தமாக அறிவித்தார். முழு மனதோடு தயாராக இருந்தேன், நழுவிவிட்டதே என்று ஹமனோ பெருமூச்சு விட்டார். நான் தயங்குகிறவள்போலத் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் மூச்சை இழுத்து, எனக்கு அந்தத் தகுதி இல்லையே, இருந்தாலும் முயல்கிறேன் என்றேன். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இரண்டு பேர் குளிருக்கு என்று சட்டைக்குள் வைத்துக்கொள்கிற சூட்டுப் பொட்டலங்கள் கொடுத்தார்கள். ஹமனோ தேநீர் அறையில் ஒரு பெட்டி தினை உருண்டையை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு ஒடிகிற மாதிரி குனிந்தார். காரணம் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆக, ஏப்ரல் முதல் தேதி எனக்கு அங்கே வேலை. இனி உங்கள் விஷயம். வரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம், எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை, நீ சிரமப்படாதே என்பீர்கள். நான் வருந்தக் கூடாது என்று சொல்கிறீர்கள் என எடுத்துக்கொண்டேன். நானும் தொகுமாரு மாதிரி எனக்குத் தோதாகத்தான் எடுத்துக்கொண்டேனோ என்று இப்போது பயமாக இருக்கிறது. தனியாக இருந்து பழகிவிட்டதென்றால் அதையும் சொல்லுங்கள், கோபிக்க மாட்டேன், தனி அறை பார்த்துக்கொள்கிறேன்.

உன் இஷ்டம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வா என்றால் வா, வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரு சொல் போதும். பதில் வரும்வரை சாமான் கட்ட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். அது பொய். பாதி கட்டியாகிவிட்டது.

பனியில் பார்த்து நடங்கள்.

உங்கள்,
ஓரியே