நெஞ்சின் மேல் உட்கார்ந்தது நீ இல்லை

ஆர்.கே.புரம், புது தில்லி
ஞாயிறு மதியம்

அன்புள்ள மஞ்சு அக்காவுக்கு,

கனிமொழி எழுதுகிறேன். இங்கே மூவரும் சௌக்கியம். பெரியப்பா இப்போது பிடிமானம் இல்லாமல் வாசல் வரை நடக்கிறார் என்று அப்பா சொன்னார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. தில்லியில் மழை வருவது போல இருட்டுகிறது, ஆனால் வருவதில்லை. வீடு முழுக்கப் புழுக்கம்.

நான் அனுப்பும் வாட்ஸ்அப் எல்லாவற்றையும் நீ படிக்கிறாய், நீலக் குறி விழுகிறது. பதில் மட்டும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். நாளைக் காலையில் ஸ்பீட் போஸ்டில் போட்டால் வியாழனுக்குள் கும்பகோணம் வந்துவிடும் என்கிறார்கள். கல்லூரிக்கு வான்கூவர் போக எனக்கு அடுத்த ஞாயிறு விமானம். அதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

அம்மா பெரியம்மாவிடம் போனில் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்து அறையில்தான் இருந்தேன். "மஞ்சு மனசுல ஒண்ணும் வெச்சுக்கலையே அக்கா? கனவுல புள்ள நெஞ்சு மேல வந்து உக்காந்துக்கிட்டு மூச்சு விட விடலையாம்" என்றாள். அம்மா இரண்டு தரம் ஹலோ சொன்னாள். பிறகு போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். லைன் துண்டித்துப் போனதற்குச் சிக்னலைக் குறை சொன்னாள்.

அந்தக் கனவு உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். ஆனால் அது முழுக் கனவு இல்லை. முழுசாகச் சொல்கிறேன், கேள்.

கனவுக்கு முந்தைய நாள் பெட்டி அடுக்கினோம். நீ அனுப்பிய அந்த நீலப் பெட்டிதான். கைப்பிடியில் கடை அட்டைகூடக் கழற்றாமல் புதுசாக இருந்தது. அப்பா குளியலறை எடைமெஷினில் முதலில் தனியாக நின்றார், பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார், கழித்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எடை வந்தது. அப்பாதான் ஏறி இறங்குகிறார், பெட்டி இல்லை என்று அம்மா கிண்டல் செய்தாள். கடைசியில் ஜிப் மூடவில்லை. நான் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தேன், அம்மா இழுத்து மூடினாள். சாயங்காலம் உன்னோடு வீடியோ கால். நீ பேங்கிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாய், கழுத்தில் அடையாள அட்டை அப்படியே தொங்கியது. பெட்டியைக் காட்டினேன். "நல்லா இருக்கு" என்றாய். பிறகு வெகு நேரம் அம்மாதான் பேசினாள்.

விடியும் நேரத்தில் கனவு வந்தது. விமான நிலையம், ஆனால் தரை எங்கள் பள்ளிக்கூட வராண்டா போலச் சிவப்பாக இருந்தது. கவுன்டரில் இருந்த அதிகாரி என் பெயரைக் கேட்கிறார். வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. பின்னால் நிற்பவர்கள் ஹிந்தியில் ஜல்தி, ஜல்தி என்று அவசரப்படுத்தி முணுமுணுக்கிறார்கள். அதோடு விழிப்பு வந்துவிட்டது.

வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என் அறை, என் ஜன்னல், சுவரோரம் பெட்டி, எல்லாம் தெரிந்தன. கூலர் ஓடும் சத்தம் கேட்டது. கையைத் தூக்கப் பார்த்தேன், தூக்க முடியவில்லை. தலை திரும்பவில்லை. கண் மட்டும் அசைந்தது. பெட்டி மேல் நீ உட்கார்ந்திருந்தாய், கழுத்தில் பேங்க் அட்டையோடு. என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாய். அடுத்த நொடி என் நெஞ்சின் மேல் இருந்தாய். மூச்சு உள்ளே போவது போலவே இல்லை. அம்மா என்று கத்தினேன், அது எனக்கே கேட்கவில்லை. பிறகு எப்படியோ உடம்பு துள்ளியது. எழுந்தால் யாரும் இல்லை. பெட்டி மட்டும் இருந்தது.

அதைக் காலை இட்லியோடு சேர்த்து அம்மாவிடம் அப்படியே சொன்னதுதான் நான் செய்த முட்டாள்தனம். ஒரு சுவாரசியமான விஷயம் போலச் சொன்னேன். அம்மா கரண்டியை வைத்துவிட்டாள். விடியற்காலைக் கனவா என்று அதை மட்டும் இரண்டு முறை கேட்டாள்.

சாயங்காலம் சுற்றிப் போட்டாள். மிளகாய், உப்பு, வாசல் மண் எல்லாம். வாசல் மண்ணுக்கு மூன்று மாடி இறங்கிப் போனாள். அடுப்பில் போட்டபோது நெடியே வரவில்லை. பார்த்தீர்களா, எவ்வளவு கண் என்று அப்பாவிடம் காட்டினாள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அக்கா. மேல் வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி இருமிக்கொண்டே இறங்கி வந்து, என்ன தாளிக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் ஃபேனைக் காட்டினேன். அம்மாவுக்கு என் மேல்தான் கோபம் வந்தது. மறுநாள் அப்பாவை சரோஜினி நகர் கடைத்தெருவுக்கு அனுப்பி வேறு பெட்டி வாங்கி வரச் சொன்னாள். உன் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அதற்கடுத்துத்தான் அந்த போன்.

எனக்கு அந்தக் கனவை அப்படியே விட மனசில்லை. பன்னிரண்டாவதில் சைக்காலஜி படித்தேனே, அந்த டீச்சரிடம் போய்ச் சொன்னேன். ஆச்சரியமே படாமல் கேட்டார், ஒரு புத்தகமும் கொடுத்தார். இதற்குத் தூக்க வாதம் என்று பெயராம். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்களே, அதேதான். உலகம் முழுக்க ஆட்களுக்கு இது வருகிறது, ஒவ்வொரு ஊரிலும் நெஞ்சின் மேல் உட்காருவது வேறு வேறு ஆளாம்.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நாம் நன்றாகக் கனவு காணும் தூக்கத்தில் மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்தி வைத்துவிடுகிறது. இல்லையென்றால் கனவில் ஓடும்போது நிஜமாகவே எழுந்து ஓடி அலமாரியில் மோதிக்கொள்வோம். கண்ணுக்கும் மூச்சு விடும் உதரவிதானத்துக்கும் மட்டும் விலக்கு. சில சமயம் தசைக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. கண் அறையைப் பார்க்கிறது, ஆனால் கனவு இன்னும் முடியவில்லை. அறையின் மேலேயே கனவும் ஓடுகிறது. மூச்சு தானாகப் போய்க்கொண்டுதான் இருக்கும். நாமாக ஆழமாக இழுக்கப் பார்த்தால் மார்புத் தசைகள் சொன்னபடி கேட்காது. அதைத்தான் யாரோ அழுத்துவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. பயந்துபோன மூளை அழுத்துகிற ஆளைத் தேடுகிறது. ஒரு ஆளைச் செய்தும் கொடுக்கிறது.

விடியற்காலைக்கும் காரணம் இருக்கிறது. இரவின் கடைசிப் பகுதியில்தான் இந்தக் கனவுத் தூக்கம் நீளமாக வரும். தூக்கம் கெட்டவர்களுக்கும், நேரம் தப்பித் தூங்குபவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வருமாம். வான்கூவரில் பகல் என்றால் இங்கே ராத்திரி. கல்லூரியின் ஆன்லைன் அறிமுக வகுப்பு என்று இரண்டு வாரமாக நான் எந்த நேரத்தில் தூங்குகிறேன் என்று எனக்கே தெரியாது. புழுக்கத்துக்கு மல்லாந்துதான் படுக்கிறேன். கனவில் வந்தது எல்லாமே முந்தைய நாள் சாமான்கள்தான். பெட்டி மேல் உட்கார்ந்தது நான். அட்டை வீடியோ காலில் வந்தது. கூலர் சத்தம் நிஜம்.

இதையெல்லாம் அம்மாவுக்குப் படம் போட்டு விளக்கினேன். முழுக்கக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "எல்லாம் சரி கண்ணு. அத்தனை பேர் இருக்காங்களே, மூளை ஏன் மஞ்சுவைக் கூட்டிட்டு வந்துச்சு?"

அக்கா, அதைப் புத்தகத்தில் தேடினேன். அதில் இல்லை. டீச்சரிடம் கேட்டேன். அது உன் மூளை, உன்னைத்தான் கேட்க வேண்டும் என்றார்.

நேரத்துக்குத் தூங்கினேன், ஒருக்களித்துப் படுத்தேன். ஐந்தாறு நாள் ஒன்றும் வரவில்லை. நேற்றுக் காலை மறுபடி வந்தது. தூக்கத்தில் மல்லாந்து புரண்டிருக்கிறேன். இந்தத் தடவை இது என்ன என்று எனக்குத் தெரிந்தது. போராடக் கூடாது, மூச்சைப் பிடித்து இழுக்கக் கூடாது, கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பார்க்க வேண்டும் என்று படித்திருந்தேன். அப்படியே செய்தேன். நெஞ்சின் மேல் பாரம் இல்லை. ஆனால் நீ இருந்தாய். அந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, ஆனாலும் நீ சுவரோரம் அதன் மேலேயேதான் இருந்தாய். எனக்குப் பயமாக இல்லை. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தது. குரல் வரவில்லை. விரல் அசைந்ததும் எல்லாம் போய்விட்டது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அதை இங்கே கேட்டுவிடுகிறேன். நீ ஜெர்மனிக்குப் போக இருந்தபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். விசாகூட வந்துவிட்டது. பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, நீ போகவில்லை, பேங்க் பரீட்சை எழுதினாய். எங்கள் வீட்டில் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் மஞ்சு தங்கமான பெண் என்றுதான் முடிப்பார்கள். நானும் பேச்சுப் போட்டியில்கூட உன்னைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். உனக்குப் போக எவ்வளவு ஆசையாக இருந்தது என்று யாராவது கேட்டார்களா? நான் கேட்டதில்லை. பெட்டி வந்த அன்று தேங்க்ஸ் என்று அனுப்பினேன், கூட ஒரு இதயமும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. போகாமல் நின்ற உனக்கு அந்தப் பெட்டியை அனுப்பும்போது எப்படி இருந்திருக்கும் என்று அப்புறம் தோன்றியிருக்கிறது. நான் அதைக் கண்டுகொள்ளாமல் தடுப்பூசி, ஊறுகாய், குளிர்கோட்டு என்று ஓடிக்கொண்டே இருந்தேன்.

அதனால் அம்மா கேட்டதற்கு இப்போது இப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. மூளை உன்னை எங்கிருந்தும் கூட்டி வரவில்லை. நான்தான் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன். உன் மனசில் என்ன இருக்கிறது என்று என் கனவுக்கு எப்படித் தெரியும்? இதை இன்று காலை அம்மாவிடம் சொன்னேன். அவள் மலை மந்திர் கோவிலுக்குக் கிளம்பிவிட்டாள். திரும்பி வந்து விபூதி வைத்துவிட்டு, பெரியம்மாகிட்ட நான் என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேசுவேன் என்று மட்டும் கேட்டாள். அவள் கெட்டவள் இல்லை. நான் போவதில் பயந்து கிடக்கிறாள், அந்தப் பயத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. நீ அகப்பட்டாய்.

நான் எந்தப் பெட்டியை எடுத்துப் போக வேண்டும் என்று நீ சொல். உன்னுடையதைக் கொண்டுபோக ஆசை. உனக்குக் கஷ்டமாக இருந்தால் யாரும் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்பச் சொல்கிறேன். எல்லாரும் சொல்வதுபோல நல்லபடியாகப் போய் வா என்று நீயும் சொல்ல வேண்டும் என்று இல்லை. கோபம் இருந்தால் கோபம் என்றே சொல். பொறாமையாக இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம், அக்கா. உன் இடத்தில் நான் இருந்தால் எனக்கு இருக்கும்.

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் என் நமஸ்காரம். பெரியம்மாவிடம் அம்மாவுக்காக நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இல்லை, வேண்டாம், அதை அம்மாவே சொல்லட்டும்.

சனிக்கிழமை வரை போனைக் கையிலேயே வைத்திருப்பேன். நீ கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. நான் வைக்க மாட்டேன்.

உன் தங்கை,
கனி