வசவு வாங்கத் தெரிந்தவன்

என் அருமை ஜோசப்பு,

நீ கண்மூடிய பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ் இது. கல்பாக்கம் சர்ச் ஹாலில் நம் நாடகம் இந்த வருஷமும் நடந்தது. உன் இடத்தில் கோமாளி நான். என் இடத்தில் நின்று என்னைத் திட்டியது யார் தெரியுமா? உன் மகள் ஸ்டெல்லா.

அவளுக்கு நம் நாடகம் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். படாளத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்திலிருந்து கல்பாக்கத்துக்கு வேலைக்கு வந்தவர் அப்பா, அவரை ஊர் முன்னால் ஒருவன் முட்டாள் என்கிறானே என்று அவளுக்கு ஆத்திரம். நியாயம்தானே? ஆனால் நீ பீற்றிக்கொண்டதைத் தவிர வேறெதையும் நான் தொட்டதில்லை. உன் நிறத்தை, உன் தெருவை ஒருநாளும் தொட்டதில்லை.

"மகாபலிபுரத்துல வெள்ளக்காரன் என்ன போட்டோ புடிச்சான் அண்ணாத்த! அழகுன்னா சும்மாவா?" என்று மேடையில் பீற்றுவாய்.

"செல மாரி நின்னுகினு இருந்தா புடிக்காம இன்னா பண்ணுவான்? மூக்கு ஒடஞ்ச செலன்னு நெனச்சிருப்பான்" என்பேன் நான்.

நீ உடனே பதில் சொல்லமாட்டாய். கண்ணைச் சிமிட்டி யோசிப்பாய். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சபையைப் பார்ப்பாய். "கேட்டீங்களா? ஆயிரம் வருசம் நிக்கிற ஒடம்பாம்!" கூரை அதிரும். திட்டு உன்மேல் ஒட்டாததால்தான் ஜனங்களால் சிரிக்க முடிந்தது. கடைசியில் நானும் போட்டோவுக்கு நிற்கப் போய், சட்டை கிழிந்து திரும்புவேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

இந்த முறை நான் ஆரம்பித்தேன். "என் மூளைய பாத்து சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனியே கூப்டுது!"

ஸ்டெல்லா ஒத்திகையில் பேசிய வசனத்தைச் சொல்லவில்லை. "உனுக்கு இன்னா மூளை கீது? எங்கப்பாவத் திட்டித் திட்டியே கைதட்டு வாங்கினவன்தானே நீ!" என்றாள்.

அது நடிப்பில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு வலித்தது, ஜோசப்பு. அவள் முகமும் வெளுத்துவிட்டது.

நீ செய்வதைச் செய்தேன். சிமிட்டினேன். காத்திருந்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன். "கேட்டீங்களா? கைதட்டு வாங்கினேனாம்! பொண்ணு வாயாலயே சொல்லிட்சி!"

சிரிப்பு வெடித்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "அதுல பாதி எங்கப்பாவோடது, குடு" என்றாள்.

"இந்தா பாதி" என்று ஒற்றைக் கையைக் காற்றில் அடித்துக் காட்டினேன். அவளே சிரித்துவிட்டாள்.

இறங்கியதும் கேட்டாள்: "அப்பாவுக்கு வலிக்கவே இல்லியா?" எனக்கு எப்படித் தெரியும்? நீ என்றைக்காவது சொன்னாயா? சபை என்னை வெறுக்காமல் இத்தனை வருஷம் காத்தவன் நீ என்பது மட்டும் அன்றைக்குத்தான் உறைத்தது.

ஈஸ்டர் நாடகத்திலும் தானே திட்டுகிறேன் என்கிறாள். அவள் வாயில் எது வந்தாலும் அது அவளுக்குக் கெட்ட பெயராகாமல் நான் வாங்கிக்கொள்வேன். இது சத்தியம். இதுவரை என்னை 'சார்' என்றே கூப்பிட்டவள், அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது வேறு மாதிரி கூப்பிட்டாள்.

இப்படிக்கு,
உன் அண்ணாத்த சுந்தரம்,
ஸ்டெல்லாவின் பெரியப்பா