எட்டும் எட்டும்

12.6.95 திங்கள்
காலையிலிருந்து சாரல், காற்று வேறு. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. இவருக்குக் கால் வீக்கம் கூடியிருக்கிறது. தண்ணீர் மூன்று டம்ளருக்கு மேல் கூடாது.

ஆபரேஷன் 28ஆம் தேதி. என் கிட்னி பொருந்தவில்லை. கொழுந்தனார் செல்வராஜுடையது பொருந்திவிட்டது. தருகிறேன் என்று அவரே சொன்னார். அந்த ஒரு நம்பிக்கையில்தான் நாள் ஓடுகிறது.

மத்தியானம் செல்வராஜ் பெண்டாட்டி கலா அவிநாசியிலிருந்து வந்தாள். உட்காரக்கூட இல்லை. "அக்கா, அவரு எண் ஜோசியர்கிட்டப் பார்த்துட்டு வந்தாருங்க. பேரைக் கூட்டினா மாமாவுக்கும் எட்டு, இவருக்கும் எட்டாமா. எட்டும் எட்டும் சேர்ந்தா ரெண்டு உசுருக்கும் ஆகாதுங்களாமா. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க அக்கா."

காபி போட்டேன். குடிக்காமலே போய்விட்டாள். நாசமாய்ப் போக அந்த எட்டு.

13.6.95 செவ்வாய்
டயாலிசிஸ். நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில். பக்கத்து வீட்டு டீச்சரிடம் வாங்கிய எண் கணிதப் புத்தகம் கையில். பெயரை இங்கிலீஷில் எழுதி ஒவ்வொரு எழுத்துக்கும் மதிப்புப் போட வேண்டும்:

A I J Q Y – 1
B K R – 2
C G L S – 3
D M T – 4
E H N X – 5
U V W – 6
O Z – 7
F P – 8

9 எந்த எழுத்துக்கும் கிடையாது. கூட்டியதை ஒற்றை இலக்கம் வரும்வரை மறுபடி கூட்ட வேண்டும். சில ஜோசியர்கள் பிறந்த தேதியை வைத்து விதி எண் சொல்வார்களாம். இந்தப் புத்தகத்திலும் அந்த ஜோசியரிடமும் பெயரை வைத்துத்தான்.

T. SELVARAJ: 4 + (3+5+3+6+1+2+1+1 = 22) = 26. 2+6 = 8.
T. PONNUSAMY: 4 + (8+7+5+5+6+3+1+4+1 = 40) = 44. 4+4 = 8.

மூன்று தடவை கூட்டினேன். எட்டுதான். உள்ளே இவர் வாந்தி எடுக்கிற சத்தம்.

15.6.95 வியாழன்
ரேஷன் மண்ணெண்ணெய் வரவில்லை. பருப்பு தீர்ந்தது.

அரிசி களைந்து வைத்துவிட்டுப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். நாலாம் பக்கத்திலேயே இருக்கிறது! விதி எண்ணுக்கு முழுப்பெயர் வேண்டும். இனிஷியல் பெயர் ஆகாது. அது எந்தப் பெயருக்கு நிற்கிறதோ அதை முழுதாய் எழுதிக் கூட்ட வேண்டும். T என்றால் மாமனார் தங்கவேல்.

THANGAVEL: 4+5+1+5+3+1+6+5+3 = 33.
செல்வராஜ்: 33+22 = 55. 5+5 = 10. 1.
இவர்: 33+40 = 73. 7+3 = 10. 1.

அடுப்பை அணைத்துவிட்டு அதே ஜோசியரிடம் ஓடினேன். அவரும் கூட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, நான் முழுப்பேருதானுங்க கேட்டேன். உங்க கொழுந்தனாரு எழுதிக் குடுத்ததே இப்படித்தானுங்க. ஒண்ணும் ஒண்ணும் சூரியனுங்க. தாராளமாச் செய்யலாம்." லெட்டர் பேடில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

ஒன்று வந்ததை இவரிடம் இன்னும் சொல்லவில்லை. தம்பி வாயால் கேட்கட்டும்.

17.6.95 சனி
அவிநாசி. பஸ்ஸில் நின்றுகொண்டேதான். ஜோசியர் சீட்டு பிளாஸ்டிக் கவரில்.

செல்வராஜ் தறியை நிறுத்திவிட்டு வந்தார். சீட்டை ரொம்ப நேரம் பார்த்தார். கலா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம். அவளைக் காபி போட உள்ளே அனுப்பினார்.

அப்புறம் மெதுவாக: "அண்ணீங்க, எட்டுன்னு அவரு சொன்னப்பத்தானுங்க எனக்கு உசுரே வந்துச்சு. ரெண்டு வாரத்துல அன்னைக்குத்தான் தூங்கினேன். எனக்குப் பயமா இருக்குதுங்க. கத்தி வைக்கறதை நெனச்சாலே கையி காலு ஓய்ஞ்சு போகுது. அண்ணங்கிட்ட எப்படிங்க சொல்லுவேன்?"

நாற்பது வயது ஆள். குழந்தை மாதிரி அழுதார். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். உடம்பு அவருடையது. எந்த எண்ணைக் காட்டி அதைக் கேட்பது? சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆத்திரம் ஆத்திரமாய் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

18.6.95 ஞாயிறு
வெயில். இவருக்கு இரண்டு இட்லி. ஒன்று மீதி.

"அவிநாசி போனியே, தம்பி என்ன சொன்னான்?"

"இன்னொரு மட்டம் பார்த்துட்டாங்களாமுங்க. எட்டுதானுங்களாம்."

சொல்லிப்போட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. இவர் தட்டை ஓரமாய்த் தள்ளி வைத்தார்.

"அப்ப அவன் மேல தப்பில்ல. அவன் நல்லவன் அம்மணி. பாவம், மனசு சங்கடப்படுவான். பூத்துக்குப் போயி ஒரு ஃபோனு பண்ணு. அண்ணனுக்கு வருத்தமில்லைன்னு சொல்லு."

போய்ச் சொன்னேன்.

28ஆம் தேதி வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் நாளைக்குச் சொல்ல வேண்டும்.