வலது கையில் இருக்கும் இரண்டாவது ரேகை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் தையல் ஆறிவிட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். தினமும் போனில் கேட்பதைக் கடிதத்திலும் கேட்டால்தான் அவளுக்குத் திருப்தி.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வாய் வரை வந்து திரும்பிப் போகிறது, அதனால்தான். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாயே, அப்போதும் அப்படித்தான் ஆயிற்று. குழந்தையின் இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே ஒரே ஒரு ரேகைதான் ஓடுகிறது, இரண்டு குடும்பத்திலும் யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்கிறார் என்றாய். மாப்பிள்ளை வீட்டில் எல்லோருடைய கையையும் வீடியோவில் பார்த்தாகிவிட்டது, யாருக்கும் இல்லை என்றாய். உன் அம்மா உடனே, அப்பாவுக்கு இரண்டும் தெளிவாக இருக்கிறது, பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்தார்களே என்றாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கையை மடக்கி வைத்துக்கொண்டேன்.

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். இனி வெட்கப்பட நேரமில்லை. என் வலது கையில் மேலே ஓடுவது ரேகை இல்லையம்மா. அது தழும்பு. எனக்கும் பிறந்ததிலிருந்து ஒரே ரேகைதான், இரண்டு கையிலும்.

எனக்கு நாலு வயதில் எங்கள் தெருவில் ஒரு கைரேகைக்காரர் இருந்தார். பகலில் பழைய பேப்பர் எடைக்கு எடுக்கும் கடை, சாயங்காலம் ஜோசியம். என் கையை விரித்துப் பார்த்துவிட்டு அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. எல்லோருக்கும் மேலே இருதய ரேகை, கீழே புத்தி ரேகை என்று இரண்டு தனித்தனியாக ஓடும், கட்டை விரலைச் சுற்றி ஆயுள் ரேகை வரும். இவனுக்கு மேல் இரண்டும் ஒன்றாகிவிட்டது, ஆள்காட்டி விரலுக்குக் கீழே தொடங்கி சுண்டுவிரல் ஓரம் வரை ஒரே கோடு. யோசிப்பதும் ஆசைப்படுவதும் இவனுக்கு ஒன்றுதான், பிடித்தால் விடமாட்டான், ஒன்று ஓகோ என்று இருப்பான், இல்லையென்றால் உருப்படாமல் போவான் என்றார். இதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பல கைரேகைக்காரர்கள் சொல்வதும் அதுவரைதான். இவர் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். இந்தக் கை யார் மேல் பிரியமாகப் படுகிறதோ, அவர்களுக்கு ஆகாது என்றார்.

அடுத்த வருஷம் என் தங்கை இறந்துபோனாள். உனக்கு ஓர் அத்தை இருந்தாள் என்பதே தெரியாதில்லையா. எட்டு மாதக் குழந்தை. அதற்குப் பிறகு என் அம்மா என்னை யாருடைய குழந்தைக்கும் பக்கத்தில் விடவில்லை. அவள் என்னை அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. சோறு போடும்போது மட்டும் தட்டைத் தரையில் வைத்து என் பக்கம் தள்ளுவாள், கையில் தரமாட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பயந்துபோயிருந்தாள், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பெண் தேடியபோது அந்தக் கைரேகைக்காரரே ஒரு வழி சொன்னார். ஆணுக்கு வலது கையைத்தான் பார்ப்பார்கள், அதில் இன்னொரு கோடு இருந்தால் போதும் என்றார். வீட்டின் பின்கட்டில் சவர பிளேடால் அவர் கீற, என் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இருக்கிற கோடு புத்தி ரேகை ஆகட்டும் என்று அதற்கு மேலே இருதய ரேகை ஒன்று போட்டார்கள், சுண்டுவிரல் ஓரத்திலிருந்து நடுவிரல் பக்கம் வளைத்து. விளக்குக் கரியைத் தேய்த்துவிட்டார்கள். என் அம்மா இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு என் கையைத் தொட்டது அன்றைக்குத்தான். பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தகரம் கிழித்துவிட்டது என்று சொல்லி பத்து நாள் லீவு போட்டேன். திரும்பிப் போனதிலிருந்து கையை மூடியே வைத்திருந்ததால் எனக்கு அங்கே 'முஷ்டி' என்று பெயர். முஷ்டி வந்தாச்சு, வண்டி கிளம்பும் என்பார்கள். நானும் சிரிப்பேன்.

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன், ஒரு கீறல் இல்லை. டிப்போவில் மாலை போட்டு அனுப்பினார்கள், நீயும் கைதட்டினாய். ஒவ்வொரு நாள் காலையிலும் ஸ்டியரிங்கைத் தொடும்போது, இன்றைக்குத்தான் அது நடக்கப் போகிறது என்று நினைத்தேன் என்பதை யாரிடம் சொல்வது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குப் பேய் என் உள்ளங்கையிலேயே இருந்தது.

நீ பேசிய மறுநாள், நம் தெருக்கோடியில் இருக்கிற குழந்தை டாக்டரம்மாவிடம் போனேன். தாத்தா மட்டும் தனியாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்து அங்கே எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா என் விரல்களை மடக்கச் சொன்னார். ரேகை இருக்கும் இடத்தில் தோல் மடியும், அதற்காகவே அங்கே தோல் உள்சதையோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும். என் மேல்கோடு மடியவில்லை, வெள்ளையாகப் பளபளத்துக்கொண்டு சும்மா கிடந்தது. தழும்பு என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் இதை வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை, பெண் பார்த்த அன்றைக்குப் பிறகு நான் யாருக்கும் கையைக் கொடுத்ததில்லையே.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கருவில் மூன்றாம் மாதம் முடிவதற்குள் உள்ளங்கை மடிப்புகள் விழுந்துவிடுமாம். சிலருக்கு இரண்டு மடிப்பாக விழ வேண்டியது ஒன்றாக விழுந்துவிடுகிறது. நூறு பேரில் மூன்று நாலு பேருக்கு ஒரு கையிலாவது இப்படி இருக்கும், இரண்டு கையிலும் இருப்பவர்கள் இன்னும் குறைவு, ஆண்களுக்குக் கொஞ்சம் அதிகம். குடும்பத்திலும் வரும். உனக்கு இல்லாமல் உன் பிள்ளைக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை என்றார். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றுமே இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த ரேகை உண்டு, மீதிப் பாதிக்கு இல்லை. அதனால் ரேகையை மட்டும் வைத்து எந்த டாக்டரும் முடிவு சொல்லமாட்டார். அது ஒரு குறிப்பு, மற்றதையும் பாருங்கள் என்று சொல்லும் குறிப்பு.

இங்கேதான் நான் உன்னிடம் பொய் ஆறுதல் சொல்லக்கூடாது. என் கையைப் பார்த்துவிட்டு, அப்படியானால் என் பேரனுக்கு ஒன்றும் இல்லைதானே என்று கேட்டேன். அவர் தலையாட்டவில்லை. குழந்தையின் கைகால் தொய்வாக இருப்பதையும், கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இடைவெளி இருப்பதையும் உன் டாக்டர் எழுதியிருக்கிறார், அதையும் அவரிடம் சொன்னேன். மூன்று வாரம் முன்னாலேயே பிறந்தவன் என்பதால் தொய்வு இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். உங்கள் கை ரேகைக்கு மட்டும்தான் பதில் சொல்லும், மற்றதற்கு ரத்தப் பரிசோதனைதான் பதில் சொல்லும் என்றார். செல்லில் குரோமோசோம் நாற்பத்தாறா, நாற்பத்தேழா என்று எண்ணிப் பார்ப்பார்களாம். இருபத்தொன்றாவது ஜோடியில் ஒன்று கூடுதலாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதய ஸ்கேனில் ஓட்டை எதுவும் இல்லை என்று நீ சொன்னதைச் சொன்னேன், நல்ல செய்தி என்றார். ஆகவே என் கடிதத்தைப் படித்துவிட்டுப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. என் இடது கையை ஸ்டாம்ப் பேட் மையில் ஒற்றி இதோடு வைத்திருக்கிறேன். உன் டாக்டரிடம் கொடு.

மாப்பிள்ளையின் அக்கா குழந்தையின் கையைப் படம் எடுத்து யாரோ ஆன்லைன் ஜோசியருக்கு அனுப்பினாராம், தாய்க்கு ஆகாத கை என்று அவன் எழுதினானாம். நீயும் ரிசல்ட் வரட்டும், அப்புறம் தூக்குகிறேன் என்று சொல்லிவிட்டு, பாலைப் பாட்டிலில் பீய்ச்சி மாப்பிள்ளையிடம் கொடுக்கிறாயாம். மாப்பிள்ளைதான் நேற்று உன் அம்மாவிடம் சொல்லி அழுதார். அவரைத் திட்டாதே. அதைக் கேட்ட பிறகுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

எழுதுமுன் உன் அம்மாவிடம் கை விஷயத்தைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "முப்பத்துநாலு வருஷமா, பொண்ணாப் பொறந்ததுனாலதான் நீங்க புள்ளையத் தூக்கலைன்னு நெனச்சுட்டிருந்தேன். பயமா அது?" என்றாள். அப்புறம் ஆய்ந்து வைத்த கீரையையே மறுபடி ஆய்ந்தாள்.

ஆமாம், வாலு. நீ பிறந்து ஒரு வருஷம் வரை நான் உன்னைத் தொடவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். நீ தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்தால் அசையாமல் நிற்பேன். உனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் டிப்போவிலேயே இருந்துவிடுவேன். அப்பாவுக்கு என்னைப் பிடிக்காது என்று பத்து வயதில் நீ பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது.

இன்னும் ஒன்று. இதை உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. தங்கைக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், கொடுக்காதே என்று என் அம்மாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் உதடு வெடித்திருந்தது. அம்மா துணி அலசப் போன நேரத்தில் நான் அவள் தலையை வலது கையில் ஏந்தி இரண்டு கரண்டி தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். என்னைப் பார்த்தாள். மறுநாள் இல்லை. நான்தான் கொன்றேன் என்று அறுபது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தலையின் கனம் இப்போதும் என் உள்ளங்கையில் வந்து உட்காரும். பஸ்ஸில், சாப்பிடும்போது, எப்போது வேண்டுமானாலும்.

டாக்டரம்மாவிடம் அதையும் சொல்லிவிட்டேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உடம்புல தண்ணி வத்திப்போய்தாங்க அந்தக் குழந்தை போயிருக்கு. அந்த வீட்ல சரியானதைச் செஞ்சது நீங்க ஒருத்தர்தான். ரெண்டு கரண்டி பத்தல, அவ்வளவுதான்" என்றார்.

வெளியே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. தொட்டதால் அவள் போகவில்லையம்மா. தண்ணீர் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காமல் இருந்ததால் போனாள். அது தெரியாமல் உன்னைத் தொடாமல் விட்டேன்.

ரிசல்ட் வர இன்னும் எட்டு ஒன்பது நாள் இருக்கிறது. அதில் என்ன வரப்போகிறதோ அது அவன் கருவாகிய நாளிலேயே முடிந்துபோன விஷயம். நீ தூக்குவதால் அது கூடாது, தூக்காததால் குறையாது. நாற்பத்தேழு என்று வந்தால் அவனுக்கு நாம் எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுவோம், அவ்வளவுதான். ஆனால் இந்த எட்டு நாள் அவனுக்குத் திரும்ப வராது. எனக்கு அந்த ஒரு வருஷம் திரும்ப வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், அம்மாவும் வருகிறாள். நீயும் குழந்தையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய் அவனைத் தூக்கு. நான் வந்ததும் என் கையில் கொடு. கொடுக்கமாட்டேன் என்று நீ சொன்னால், அது என் கையைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்வேன். அதற்கு எனக்கு முழுத் தகுதி உண்டு. ஆனாலும் கேட்கிறேன், கொடுப்பாயா?

உன் அப்பா