மீதி எங்க?

மாமல்லபுரம்
4.2.2025

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தங்கச்சி மீராவும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் இங்கே எல்லோருடைய கவலையும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் என் குரல் தானாக உசந்துவிடுகிறது. நீ “கிளாஸ் இருக்குப்பா” என்று வைத்துவிடுகிறாய். இருபது வருடம் பஸ்ஸில் கத்திக் கத்திச் சீட்டுக் கிழித்த தொண்டை, மெதுவாகப் பேசச் சொன்னால் கேட்பதில்லை. காகிதத்தில் எழுதினால் சத்தம் வராது பார். உங்கள் ஹாஸ்டல் வாட்ச்உமன் சின்னப்பொண்ணு நம் பஸ்ஸில் வருகிறவள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவளிடமே கொடு.

செங்கல்பட்டிலிருந்து நம் வீட்டுக்கு ஒரு மணி நேரம். உன் அப்பா தினமும் அந்த ரோட்டில்தான் போய் வருகிறான். பொங்கலுக்கு வந்தவள் மாட்டுப்பொங்கல் அன்றே கிளம்பிவிட்டாய். அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

மீரா ஒரு சேதி சொன்னாள். பதினைந்தாம் தேதி நம் ஊர் மண்டபத்தில் காலேஜ்களுக்குள் போட்டியாம், நீ மேடையேறிப் பேசுகிறாயாம். எங்களிடம் ஏன் சொல்லவில்லை? பேச்சுப் போட்டியென்றால் திருக்குறள் இரண்டு சேர்த்துக்கொள். நான் வரலாமா?

அன்புடன்,
அப்பா
திருவேங்கடம்


செங்கல்பட்டு
8.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

அது பேச்சுப் போட்டி இல்லை அப்பா. ஸ்போக்கன் வேர்டு என்பார்கள். கவிதைதான், ஆனால் படிப்பதற்கில்லை, சொல்வதற்கு. கையில் காகிதம் கூடாது. பாட்டு, மேளம், வேஷம் எதுவும் கூடாது. குரலும் மைக்கும் மட்டும். மூன்று நிமிஷம். அதற்கு மேல் பத்து விநாடி பொறுப்பார்கள், பிறகு மணி அடித்துவிடுவார்கள். என் தலைப்பு பரீட்சை. பரீட்சை பயத்தைப் பற்றிப் பேசினாலும் நடுவர்கள் பத்துக்கு இத்தனை என்று மார்க்தான் போடுவார்கள். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதல் அரை நிமிஷத்தில் கூட்டத்துக்கு ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுப்பேன். “நான் கையக் காட்டுனா நீங்க கேக்கணும்” என்று இரண்டு தரம் பழக்குவேன். பிறகு நான் ஒரு வரி சொல்ல, அவர்கள் கேட்க, நான் ஒரு வரி சொல்ல, அவர்கள் கேட்க. ஒவ்வொரு வரியும் நாலு தட்டு. தொடையில் தட்டித் தட்டித்தான் எழுதினேன். முதலில் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அவர்கள் சிரிக்க வேண்டும், அப்போதுதான் குரல் திறக்கும். பிறகு வரியை வேகப்படுத்துவேன். கேள்விக்கு விடுகிற இடம் ஒரு மூச்சிலிருந்து அரை மூச்சாகக் குறையும். அப்போது கேட்கிறவர்களுக்கே உறுத்தத் தொடங்கும். கடைசியில் உள்ளங்கையை நீட்டி நிறுத்துவேன். மண்டபமே வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனத்தில் மூன்று எண்ணிவிட்டு, மைக்குக்குப் பக்கத்தில் போய் மெதுவாக ஒரே ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் மீதி எல்லாம். என் தோழி ஜெசிந்தா ஒத்திகையில் பின்வரிசையில் உட்கார்ந்து போனில் நேரம் பார்க்கிறாள். இரண்டு ஐம்பதில் முடிகிறது. கைதட்டல், சிரிப்புக்குப் பத்து விநாடி ஒதுக்கி வைக்க வேண்டும்.

நீங்கள் வர வேண்டாம் அப்பா. சனிக்கிழமை உங்களுக்கு டியூட்டி. எல்லாம் பசங்கள் கூட்டம், உங்களுக்கு அலுப்பாக இருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்பு மகள்,
தமிழ்ச்செல்வி


மாமல்லபுரம்
17.2.2025

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு,

நான் வந்தேன். அது உனக்கே தெரியும்.

வரவேண்டாம் என்றாய். தமிழ்வாணனோடு டியூட்டி மாற்றிக்கொண்டு, காக்கிச் சட்டையோடேயே வந்து கடைசியில் தூணுக்குப் பின்னால் நின்றேன். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நீ பார்த்துவிடுவாய் என்று உட்காரவில்லை.

நீ கூட்டத்துக்குக் கேள்வி சொல்லிக்கொடுத்தாயே, “மீதி எங்க?” என்று, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? விடிந்தது முதல் இருட்டுகிற வரை பஸ்ஸில் என்னை எல்லோரும் கேட்கிற கேள்வி அது. ‘நம்ம பொண்ணு நம்ம தொழிலப் பத்தி எழுதிகீது’ என்று நினைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பையனிடம் சொல்லவும் செய்தேன், “எம் பொண்ணுதான், கண்டக்டர் பொண்ணு” என்று.

நீ சொன்ன வரிகள் இன்னும் காதில் இருக்கின்றன.

“பத்துல வாங்கினேன் நானூத்தி எழுவது—”
“மீதி எங்க?”
“பன்னெண்டுல வாங்கினேன் ஐநூத்தி அறுவது—”
“மீதி எங்க?”
“தூக்கத்தக் குடுத்தேன், சிரிப்பக் குடுத்தேன்,
தோழிங்க கூப்ட்ட கடலக் குடுத்தேன்—”
“மீதி எங்க?”

கை தானாகத் தட்டிற்று. எல்லோரையும்விட என் குரல்தான் பெரிதாக இருந்திருக்கும். வேகம் ஏற ஏற எனக்கும் ஏறிற்று. மற்றவர்கள் குரல் இறங்கியதைக் கவனிக்கவில்லை. நீ கையை நீட்டியது தூணுக்குப் பின்னால் எனக்குத் தெரியவில்லை. மண்டபமே அடங்கிப்போன நேரத்தில் நான் ஒருவன் மட்டும் கத்தினேன்.

சிரித்தார்கள். நீ என் பக்கம் திரும்பினாய். வாயைத் திறந்தாய், ஒன்றும் வரவில்லை. மணி அடித்துவிட்டார்கள். நீ அந்த வரியைச் சொல்லாமலே இறங்கிப் போனாய்.

வெளியே உன்னைப் பார்க்க வந்தேன். தோழிகளோடு பேசிக்கொண்டிருந்தாய். தொந்தரவு வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், “கண்டக்டர் பாட்டு பாடுனாடி, நான் கெடுத்துட்டேன்” என்று. நீ சொன்ன வரிகளையும் சொன்னேன். அவள் மாவு பிசைந்த கையோடு என்னையே பார்த்தாள். “யோவ், அது பஸ்ஸு இல்ல. நீ கேக்கறதுதான் அது. தொண்ணூத்தி நாலு வாங்கினு வந்தா மீதி ஆறு எங்கன்னு கேட்டவன் யாரு? ஐநூத்தி அறுவதுக்கு மீதி நாப்பது எங்கன்னு கேட்டவன் யாரு? அந்தப் புள்ள அன்னிக்கு ராத்திரி சாப்புடவே இல்ல, உனுக்கு ஞாபகம் கீதா?” என்றாள்.

எனக்கு ஞாபகம் இல்லை செல்வி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேட்டது நான். ஆனால் கேட்டது கூட மனசில் இல்லை. டிக்கெட் கொடுக்கிற மாதிரி கேட்டிருக்கிறேன்.

இரண்டு நாளாய் பஸ்ஸில் குரல் எழும்பவில்லை. டிரைவர் ஜலதோஷமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்தக் கடைசி வரி என்ன? சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை.

அப்பா


செங்கல்பட்டு
21.2.2025

அப்பா,

உங்கள் கடிதத்தை நாலு நாளாக வைத்துக்கொண்டு பதில் எழுதாமல் இருக்கிறேன். கோபத்தினால் இல்லை.

முதலில் உங்கள் மேல் கோபம்தான், பிறகு என் மேல். உங்களைப் பற்றி எழுதியதை உங்களிடம் காட்டாமல் நூறு பேரைக் கத்த வைக்கப் போனேன். அவர்கள் சிரிக்கும்போது எனக்குப் பிடித்திருந்தது. உங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தும் பிடித்திருந்தது. ஒத்திகையில் உங்கள் மாதிரியே குரலை இழுத்துக் காட்டுவேன், ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரிப்பாள். உங்களை வரவேண்டாம் என்றது அதனால்தான். டியூட்டியினால் இல்லை.

எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஷாரோன் என்ற திருப்போரூர்ப் பெண்ணுக்குப் போயிற்று. நன்றாகத்தான் சொன்னாள். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். வெளியே வந்ததும் ஜெசிந்தா கேட்டாள், “யாருடி அந்த ஆளு, உன் கவிதையையே காலி பண்ணிட்டாரே?” நான், “தெரியல, யாரோ பஸ்காரர்” என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினேன். தண்ணி கேன் பக்கத்தில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனீர்கள். கூப்பிட வாய் வரவில்லை. மேடையில் வராத அதே வாய்.

கேட்டதா அப்பா? கடிதத்தில் அதை எழுதவில்லை நீங்கள். “தொந்தரவு வேண்டாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

பரீட்சையில் குறைந்தபோது வெட்கமாக இருந்திருக்கிறது. நீட்டில் இரண்டு தரம் வராமல் போனபோது வீதியில் நடக்கவே கூசினேன். அதெல்லாம் என் மேல் யாரோ போட்டது மாதிரி. இது நானே போட்டுக்கொண்டது.

கடைசி வரி கேட்டீர்கள். “மீதி நாந்தான். வச்சுக்கோங்க.” அவ்வளவுதான்.

ஜெசிந்தாவிடம் நேற்று உண்மையைச் சொன்னேன்.

செல்வி


மாமல்லபுரம்
27.2.2025

அன்பு மகளுக்கு,

கேட்டது.

கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, ‘சட்டை மாத்திக்கினு வந்திருக்கலாமே’ என்பதுதான். அதற்கு மேல் அன்றைக்கு யோசிக்கத் தெரியவில்லை. அந்தக் கடிதத்தில் அதை எழுதாமல் விட்டது உன்னைக் காப்பாற்ற இல்லை. எழுதினால் நீயும் ஆமாம் என்று எழுதிவிடுவாயோ என்று பயம்.

நீ அழாதே. எனக்கு வாய் பெரிசு, எழுத்து சின்னது. ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் வரியை வாங்கிக்கொண்டேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. மீராவுக்குத் திருப்புதல் தேர்வு மார்க் அட்டை வந்தது. அறிவியலில் எழுபத்தொன்று. அட்டையை நீட்டிவிட்டு, அடி விழப்போகிற பிள்ளை மாதிரி கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றாள். நான் ஒரு நாளும் அவளை அடித்ததில்லை. ஆனால் அப்படித்தான் நின்றாள். இத்தனை நாளும் அப்படித்தான் நின்றிருப்பாள், நான் அட்டையைத்தான் பார்த்திருக்கிறேன். அம்மா சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். எனக்கு அந்தக் கேள்வி வாய்வரை வந்துவிட்டது செல்வி, பொய் சொல்ல மாட்டேன். விழுங்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, “இந்தப் பேனா நல்லா எழுதுதே, எங்க வாங்கின?” என்றேன். அவள் உள்ளே போய், “அப்பாக்கு ஒடம்பு சரியில்லியாம்மா?” என்று கேட்டாளாம்.

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். பிறகு மீரா சிரிக்கிறதை நிறுத்திவிட்டு அழுதாள். அந்த வயசில் நீ அழுதிருப்பாய், நான் டிப்போவில் இருந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாராந்திர ஓய்வு. அம்மா நெத்திலி வறுத்துத் தருகிறாள், எடுத்துக்கொண்டு வருகிறேன். டிக்கெட் வாங்கி, பயணியாக உட்கார்ந்து வருவேன். ஹாஸ்டல் உள்ளே வரமாட்டேன். எதிரில் ஜெராக்ஸ் கடை இருக்கிறதே, அங்கே நிற்கிறேன். உனக்கு வரத் தோன்றினால் வா. தோன்றாவிட்டால் டப்பாவைச் சின்னப்பொண்ணுவிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன், மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு வா. யாரென்று அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா